அரைச் சம்பள விடுப்பு: பிடித்தது சரிதானா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் தபால் அலுவலகத்தில் போஸ்டல் அசிஸ்டென்டாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 33,300 ரூபாய். டெங்குவால் 2025 நவம்பர் 10 முதல் 21 வரை, டாக்டர் சான்று கொடுத்து அரைச் சம்பள விடுப்பில் இருந்தேன். மொத்தச் சம்பளத்தில் 11,758 ரூபாய் குறைந்திருக்கிறது. சம்பா நடவுக்கு வைத்த நகைக்கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நேரம். இந்தப் பிடித்தம் சரிதானா?

பதில்: முழுவதும் சரியில்லை, சகோதரி. உங்களுக்கு 1,235 ரூபாய் திரும்ப வர வேண்டும்.

நடுவில் வந்த ஞாயிறையும் சேர்த்து விடுப்பு 12 நாட்கள். நவம்பருக்கு 30 நாள் என்பதால் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,110 ரூபாய். அதில் பாதி 555. 12 நாளுக்கு 6,660 ரூபாய் குறையும். அகவிலைப்படி அந்த மாதம் 58 சதவீதம். அடிப்படை குறைந்தால் அதுவும் கூடவே குறையும், அது 3,863 ரூபாய். ஆக, நியாயமான பிடித்தம் 10,523 ரூபாய்தான்.

மீதி எங்கே போனது? வீட்டு வாடகைப்படியிலும் போக்குவரத்துப்படியிலும் 12 நாளுக்குப் பாதியை வெட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊருக்கு வாடகைப்படி 10 சதவீதம், அதாவது 3,330 ரூபாய். விடுப்புக்கு முன் வாங்கிய அதே தொகை, 180 நாள் வரையிலான விடுப்பில் குறையாமல் வர வேண்டும். போக்குவரத்துப்படியோ, மாதம் முழுக்க வேலைக்கு வராவிட்டால் மட்டுமே நிற்கும். நீங்கள் வேலைக்குப் போன நாட்கள் இருக்கின்றன. பே ஸ்லிப்பில் இந்த இரண்டு வரிகளையும் அக்டோபரோடு ஒப்பிட்டால் 666-ம் 569-ம் குறைந்திருப்பது தெரியும். சம்பளப் பட்டியல் போடுபவரிடம் அதைக் காட்டி எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. டாக்டர் சான்று இருப்பதால் இந்த விடுப்பையே கம்யூட்டட் லீவாக மாற்றக் கேட்கலாம். அப்போது 12 நாளுக்கும் முழுச் சம்பளம் கிடைக்கும். பதிலாகக் கணக்கிலிருந்து 24 அரைச் சம்பள நாட்கள் கழியும். ஆண்டுக்கு 20 நாள்தான் சேர்கிறது; அதனால் முதலில் இருப்பு எத்தனை என்று பாருங்கள்.

மாற்றலாமா? ஓய்வுபெறும்போது அதிகபட்சம் 300 நாள் விடுப்பைத்தான் காசாக்க முடியும். ஈட்டிய விடுப்பே அந்த 300 நாளைத் தொட்டுவிடும் என்றால், அரைச் சம்பள நாட்களுக்குத் தனியாகக் காசு வராது. அப்படிப்பட்டவர் தயங்காமல் மாற்றலாம். 300 எட்டாது என்றாலோ, அடிக்கடி உடம்பு படுத்தும் என்றாலோ, இருப்பைக் காப்பதுதான் நல்லது. உங்கள் ஈட்டிய விடுப்பு எவ்வளவு என்று எழுதவில்லை. அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

மாற்றுவது அதிகாரியின் விருப்பம், உரிமை அல்ல. விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நவம்பர் 22 அன்றே நீங்கள் சேர்ந்திருந்தால், அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் அது டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. அதனால் சனிக்கிழமைக்குள் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்தால் 10,523 ரூபாய் நிலுவையாக வரும். அதிலிருந்து ஓய்வூதியத்துக்கான உங்கள் பங்காக சுமார் 1,052 ரூபாய் பிடிப்பார்கள்.

இது மத்திய அரசு ஊழியருக்கான விதி. மாநில அரசு ஆசிரியர்களுக்கு மருத்துவ விடுப்புக் கணக்கு வேறு.