போர்டிங் பாஸை இணையம் இல்லாமல் திறக்க: பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும் முறை

கேள்வி: அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து சென்னை வழியாக தில்லிக்கு விமானத்தில் போகிறார்கள். வெப் செக்-இன் செய்த பிறகு போர்டிங் பாஸுக்கான லிங்க் மட்டும் வந்திருக்கிறது. விமான நிலையத்தில் நெட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பதில்: அந்த லிங்க் வெறும் முகவரிதான். ஒவ்வொரு முறை தொடும்போதும் பக்கம் புதிதாக இறங்க வேண்டியிருப்பதால், சிக்னல் இல்லாத இடத்தில் அது பயன்படாது. திறக்கும் பக்கத்தில் பி.டி.எஃப். பதிவிறக்கும் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், ஆண்ட்ராய்டு போனின் குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Share, பிறகு Print என்று சென்று, மேலே அச்சுப்பொறி கேட்கும் இடத்தில் Save as PDF என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேமிக்கும் இடமாக கூகுள் டிரைவைக் கொடுக்காமல், போனின் Downloads கோப்புறையையே கொடுங்கள். டிரைவில் உள்ள கோப்பு, ஆஃப்லைனுக்கென்று தனியாக வைக்கப்படாதவரை, இணையத்தையே எதிர்பார்க்கும். குரோம் மெனுவில் உள்ள பதிவிறக்க அம்புக்குறி பக்கத்தை வேறு வடிவில் சேமிக்கிறது என்பதால், அதை இதற்கு நம்ப வேண்டாம்.

உங்கள் பெற்றோருக்கு இரண்டு பேர், இரண்டு விமானங்கள் என்பதால் மொத்தம் நான்கு பார்கோடுகள் தேவை. பக்கத்தை விரலால் தள்ளித்தள்ளிப் பார்க்கும்படி சில நிறுவனங்கள் அமைத்திருப்பதால், அப்போது திரையில் தெரிகிற ஒருவருடைய பாஸ் மட்டுமே பி.டி.எஃப்.இல் பதிவாகலாம்; அம்மாவின் சென்னை–தில்லி பாஸ் விடுபட்டது வாசலில் நிற்கும்போதுதான் தெரியவரும். எனவே ஒவ்வொன்றையும் திரையில் கொண்டுவந்து தனித்தனியாகச் சேமித்து, ‘அப்பா மதுரை–சென்னை’ என்பதுபோலப் பெயரிட்டுவிடுவது நல்லது. பக்கம் முழுவதும் இறங்கும் முன்பே Print கொடுத்தால் பார்கோடு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வந்துவிடும். அது இரண்டு தாள்களுக்கு நடுவே வெட்டுப்படுவதும் உண்டு. முன்னோட்டத்தில் பார்கோடு முழுமையாகவும், சுற்றிலும் வெள்ளை ஓரத்துடனும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சேமியுங்கள்.

கோப்புகளை அவர்களுடைய போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருக்கப்பட்டு, பார்கோட்டின் கட்டங்கள் மங்கக்கூடும். அவர்கள் அதை ஒருமுறை தொட்டு இறக்கிவைத்திருக்கவும் வேண்டும். பிறகு அந்தப் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, நான்கு கோப்புகளையும் திறக்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

சேமித்த பி.டி.எஃப். தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. இருக்கையோ விமானமோ மாற்றப்பட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைச் சேமிக்க வேண்டும். கேட் எண்ணை மட்டும் பாஸில் பார்த்து நம்பாமல், விமான நிலையத்தின் அறிவிப்புத் திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் விமானம் மாறும்போது இது இன்னும் அவசியம்.