பொறியில் வைத்த தீனி அப்படியே கிடக்கிறதே, ஏன்?

"எலிக்கூண்டில் ரொட்டித்துண்டு மாட்டி வைத்தேன். முதல் 2 நாளில் 2 சுண்டெலி விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரமாக அதே ரொட்டி அப்படியே கிடக்கிறது. ராத்திரியில் பெரிய எலி ஒன்று கூண்டை ஒட்டியே ஓடுகிறது, உள்ளே போவதில்லை. என்ன தீனி வைத்தால் மாட்டும்?"

கொக்கியிலிருந்து அந்த ரொட்டியை எடுத்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். வாசனையே இருக்காது. ரொட்டி சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும், காய்ந்த ரொட்டியிலிருந்து காற்றில் கலக்க அதிகம் மிச்சமிருக்காது. இருட்டில் எலி தீனியைத் தேடுவது மூக்கால்தான். எண்ணெய்ப் பண்டமாக இருந்தால் காய்வதற்குப் பதில் சிக்கு வாடை அடிக்கும். வாசனை வரும், ஆனால் அது கெட்ட வாசனை. பூசணம் பிடித்தாலும் இதே கதைதான்.

உங்கள் வீட்டில் இரண்டு விதமான பிராணிகள் இருப்பதும் ஒரு காரணம். சுண்டெலிக்குப் புதுப் பொருள் என்றால் ஆர்வம். ஒரு ராத்திரியில் இருபது முப்பது இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். அதனால்தான் அவை முதலிலேயே விழுந்தன. பெரிய எலி அப்படியல்ல. வழியில் புதிதாக எது முளைத்தாலும் சில நாள் ஒதுங்கியே போகும். அதற்கு வாந்தி எடுக்க வராது, தின்றது விஷமானால் வெளியே தள்ள வழியில்லை. அதனால் தெரியாத பண்டத்தைத் துளி தின்றுபார்த்து, உடம்புக்கு ஒத்துக்கொண்டால்தான் மறுபடி தொடும். இன்னொரு எலியின் மூச்சில் ஒரு தீனியின் வாசனை வந்தால், அதை நம்பித் தின்னவும் செய்யும்.

ஆகவே வாசனை தூக்கலாக இருந்தால் மட்டும் போதாது, அது எலிக்குப் பழகிய வாசனையாகவும் இருக்க வேண்டும். எலி உங்கள் வீட்டில் ஏற்கெனவே எதைக் கடிக்கிறது என்று பாருங்கள். கடலைப் பையில் ஓட்டை இருந்தால் கடலைதான் உங்கள் தீனி. ஒன்றும் புலப்படவில்லையென்றால், வறுத்த வேர்க்கடலை, கருவாடு, பழத்துண்டு, தானியம் நான்கையும் தனித்தனிக் காகிதத்தில் சம அளவு வைத்து, சுவரோரம் ஓரடி இடைவெளியில் பரப்புங்கள். காலையில் எது அதிகம் குறைந்திருக்கிறதோ அதுவே உங்கள் எலியின் தேர்வு. பொதுவாகச் சுண்டெலி தானியத்துக்கும் கடலைக்கும் வரும். பரணில் திரியும் கூரை எலி பழத்தையும் கொட்டைகளையும் விரும்பும். சாக்கடைப் பக்கமிருந்து வரும் எலி மீன், இறைச்சி, தானியம் எதையும் விடாது. படக்கதைகளில் எலிக்கு வைக்கும் பாலாடைக்கட்டி, இவற்றில் எதற்குமே முதல் தேர்வு இல்லை.

கடலைதான் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். தினமும் பொழுது சாயும் நேரத்தில் 4 கடலையை வெறும் சட்டியில் புரட்டிச் சூடாக்கி, ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். சூடும் உடைப்பும் சேர்ந்தால்தான் எண்ணெய் வெளியே வந்து மணம் கிளம்பும். எலி முக்கியமாக இரை தேடுவது இருட்டிய பிறகுதான், காலையில் வைத்த தீனி அதற்குள் மணம் இழந்திருக்கும். முதல் 3 ராத்திரி கூண்டின் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, வாசலிலும் உள்ளேயும் கொஞ்சம் தூவுங்கள். உள்ளே இருப்பதும் காலியாகத் தொடங்கிய பிறகே கதவுக் கட்டை அவிழ்த்து, கொக்கியை மாட்ட வேண்டும். முதல் நாளே கதவு விழுந்து எலி தப்பிவிட்டால், அந்தக் கூண்டை அது நெடுநாள் மறக்காது.

கொக்கியில் மாட்டும் அளவும் முக்கியம். சுண்டெலிக்குப் பட்டாணி அளவு, பெரிய எலிக்கு விரல் நுனி அளவு போதும். பெரிய துண்டானால் ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும், கொக்கி அசையாது. உதிரும் கடலையைச் சிறு துணியில் முடிந்து நூலால் கொக்கியோடு இறுக்கிக் கட்டுங்கள். இழுத்துத்தான் ஆக வேண்டும், இழுத்தால் கதவு விழும். காலையில் தீனி மட்டும் காணாமல் போய் கதவு திறந்தே இருந்தால், கட்டு தளர்வு அல்லது கொக்கி துரு. தீனியில் எறும்பு மொய்த்திருந்தால் கூண்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். எறும்புப் பொடியோ பூச்சிமருந்தோ அருகில் அடித்துவிடாதீர்கள், அந்த நெடி உங்கள் கடலை மணத்தை அமுக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் மாட்டவில்லையென்றால் மூடாத குப்பைக்கூடையைப் பாருங்கள். அங்கே விதவிதமாகக் கிடைக்கும்போது கூண்டுக்குள் எலி ஏன் தலையை நீட்டப்போகிறது? பழைய தீனியை எடுக்கும்போதும் கூண்டைக் கழுவும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும்.