பன்னிரண்டு விண்ணப்பம், பதில் இல்லை

ஐயா, எனக்குத் தங்கச்சிமடம். அம்மா பாசி எடுக்கப் போகிறார். எம்.எஸ்சி. கடல் உயிரியல் முடித்து எட்டு மாதம் ஆகிறது. ஏற்றுமதி கம்பெனி, இறால் பொரிப்பகம், தொண்டு நிறுவனம் என்று பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. கடிதங்கள், விளம்பரங்கள், பயோடேட்டா எல்லாம் இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

தம்பி,

பன்னிரண்டையும் அச்செடுத்துத் தரையில் பரப்பிவைத்தேன். தனித்தனியாகப் படித்தால் எல்லாமே நல்ல கடிதங்கள்தான்.

முதலில் நான்கை ஒதுக்கினேன். அந்த விளம்பரங்கள் மூன்று வருட அனுபவம் கேட்கின்றன. அங்கே கடிதம் எப்படி இருந்தாலும் பதில் வருவது கஷ்டம். மிச்சம் எட்டு. அதில் ஒன்றில் வேறு கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கிறது. (நானும் அந்த வயதில் இதைச் செய்திருக்கிறேன்.) சங்கடமான தப்புதான், ஆனால் மற்ற ஏழு பேர் பேசாமல் இருந்ததற்கு அது காரணமாகாது. எட்டிலும் இருப்பதைத்தான் தேட வேண்டும்.

அதனால் எந்த இடத்துக்கும் மாற்றாமல் அனுப்பக்கூடிய வரிகளைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்', 'கடின உழைப்பாளி', 'ஆய்வகப் பணியில் பரிச்சயம் உண்டு'. அடித்து முடித்தபோது எட்டிலும் பதவியின் பெயரும் கம்பெனியின் பெயரும்தான் மிஞ்சின.

தூத்துக்குடி ஏற்றுமதி கம்பெனி விளம்பரத்தைப் பாருங்கள். தரப் பரிசோதனைப் பிரிவு, நுண்ணுயிர்ச் சோதனை தெரிந்தவர் தேவை என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில், பாம்பனில் இறங்கிய கணவாயில் முப்பது மாதிரிகளைச் சால்மொனெல்லாவுக்குச் சோதித்ததாக இருக்கிறது. சரக்கில் அந்தக் கிருமி இருந்தால் வாங்கும் நாடு கன்டெய்னரையே திருப்பி அனுப்பிவிடும். அவர்களுடைய பயமே அதுதான். நீங்களோ அதைப் 'பரிச்சயம்' என்ற ஒரு சொல்லுக்குள் மூடிவிட்டீர்கள். கடிதம் இப்படித் தொடங்கட்டும்: 'பாம்பன் கணவாயில் முப்பது மாதிரிகளைச் சால்மொனெல்லாவுக்குச் சோதித்திருக்கிறேன். மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை வரை நானே செய்தேன்.' இரண்டாவது வாக்கியம் என் ஊகம். உண்மையில்லை என்றால் எடுத்துவிடுங்கள், நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்த நான்கு விண்ணப்பங்களில் இந்த முதல் பத்தியை மட்டும் மாற்றுங்கள். பயோடேட்டாவில் இப்போது கை வைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. நான்கு என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆள் எடுத்து முடிந்த இடங்களும் பதில் போடுவதில்லை. நான்கிலும் அழைப்பு இல்லையென்றால், அப்புறம் அந்தக் கணவாய் வரியைப் பயோடேட்டாவின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தொண்டு நிறுவனத்துக்குக் கணவாய் உதவாது. பாசி எடுக்கும் பெண்களோடு வேலை செய்ய ஆள் வேண்டும் என்று அந்த விளம்பரத்தில் இருக்கிறது. அம்மா பாசிக்குப் போவதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவர்களுக்கு எழுதவில்லை.