‘பாவக் கதைகள்’ பார்க்கலாமா?

“சனிக்கிழமை அம்மாவோடு பார்க்க யோசனை. ஒருவர் அருமை என்கிறார், ஒருவர் குப்பை என்கிறார். எதை நம்புவது?”

இது நான்கு இயக்குநர்கள் ஆளுக்கொரு கதையாக எடுத்த நெட்ஃபிளிக்ஸ் தொகுப்பு. இருவரும் வேறு வேறு கதையைச் சொல்லியிருப்பார்கள். நான்கு கதைகளுக்கும் சேர்த்துப் போட்ட மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். கதைவாரியாக எழுதிய இரண்டு விமர்சனங்களை வாசியுங்கள், இரண்டிலும் எந்தக் கதை திட்டு வாங்குகிறது என்று பாருங்கள்.

எனக்கு விக்னேஷ் சிவனின் கதை ஒட்டவில்லை. ஆணவக் கொலைக்கு நடுவே சிரிப்பு வைத்திருக்கிறார். வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’தான் உச்சம். வளைகாப்பு வைக்கிறோம் என்று கர்ப்பிணி மகளை ஊருக்கு அழைத்துப்போகும் அப்பாவின் கதை. ஆனால் அம்மாவோடு வேண்டாம். வெள்ளவத்தை வீட்டில் நாங்கள் பார்த்த இரவு, என் மாமி பாதியில் எழுந்து போய்விட்டார். நெட்ஃபிளிக்ஸில் தனித்தனிப் பகுதிகளாகத்தான் இருக்கிறது. சுதா கொங்கராவின் ‘தங்கம்’ மட்டும் போடுங்கள். அதுவும் அழவைக்கும், சரியா?