தாடைப் பொரியும் சவர நிழலும்: காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: "எந்த ஆணின் முகமும் ஒரே கிளிக்கில் சுத்தம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு போட்டோஷாப் ஆக்‌ஷன் தொகுப்பு வாங்கினேன். கன்னம் நன்றாக வருகிறது. தாடையில் மட்டும் தோல் வழவழவென்று ஆகி, அதன் மேல் கறுப்புப் புள்ளிகள் தனியாக மிதக்கின்றன. விற்றவர் பணம் திருப்பித் தர மறுக்கிறார்.

பதில்: தவறு உங்களுடையது இல்லை. இப்படி ஒரு தொகுப்பை நானும் காசு கொடுத்து வாங்கினேன். அதிலும் இதே மிதக்கும் புள்ளிகள்தான். நான் எழுதியதற்கு விற்றவர் பதிலே போடவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆக்‌ஷன் என்பது பதிவு செய்து வைத்த கட்டளை வரிசை. இவற்றில் பெரும்பாலானவை செய்வது ஒரே வேலைதான். படத்தை இரண்டு அடுக்காகப் பிரிக்கும். கீழ் அடுக்கில் மங்கலாக்கிய நிறமும் வெளிச்சமும் இருக்கும். மேல் அடுக்கில் நுண்ணிய விவரம் இருக்கும். பிறகு கீழ் அடுக்கை வழித்துச் சமப்படுத்தும். எந்த அளவுக்குப் பெரியது கீழே போகும், எந்த அளவுக்குச் சிறியது மேலே நிற்கும் என்பதை மங்கலாக்கும் ஆரம்தான் முடிவு செய்கிறது. ஆக்‌ஷனைப் பதிவு செய்தவர் தன் படத்துக்குப் பொருந்திய ஓர் எண்ணை, 8 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிரந்தரமாக அதில் எழுதிவிடுகிறார்.

முகம் சட்டத்தை நிரப்பும் 24 மெகாபிக்சல் படத்தில், சவரம் செய்த முடியின் நுனி ஏறக்குறைய 2, 3 பிக்சல்தான். சவரத்தால் எழும் ஒரு பொரியோ 40 பிக்சலைத் தாண்டும். 8 பிக்சலில் பிரித்தால் பொரியின் மேடு கீழ் அடுக்குக்குப் போய் வழிக்கப்பட்டுவிடும். முடி நுனிகள் மேல் அடுக்கில் அப்படியே நிற்கும். நீங்கள் பார்க்கும் மிதக்கும் புள்ளிகள் இவைதான். அதே ஆக்‌ஷனை முழு உருவப் படத்தில் ஓட்டினால் நிலைமை தலைகீழாகும். அங்கே பொரியே நாலைந்து பிக்சல்தான் என்பதால் அது மேல் அடுக்கில் தங்கிவிடும். தாடையின் ஒளி நிழல் மட்டும் குழம்பிப் போகும். கன்னத்தில் முடி இல்லாததால் இந்தக் கோளாறு அங்கே தெரிவதில்லை.

எனக்குக் கோபம் வருவது விளம்பரப் படங்களைப் பார்க்கும்போதுதான். முன்–பின் படங்களில் நெற்றி, கன்னம், பெண்களின் முகம் எல்லாம் இருக்கும். சவரம் செய்த தாடையை நூறு சதவீத அளவில் காட்டும் படம் ஒன்றுகூட இருக்காது. அதைக் காட்டாமல் "எந்த ஆணின் முகமும்" என்று எழுதி விற்பது ஏமாற்று. விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் படத்தின் முன், பின் இரண்டையும் அதனுடன் சேர்த்து, வாங்கிய தளத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று வங்கியிடமும் மறுப்பு எழுப்பலாம்.

கேள்வி: எதையும் புதிதாக வாங்காமல் நானே செய்ய முடியுமா? நெருக்கமான முகப்படம். ஒரு பக்க ஜன்னல் வெளிச்சம். தாடைக்குக் கீழே பொரிப்பொரியாக இருக்கிறது, தாடை முழுக்கச் சாம்பல் நீலம்.

பதில்: தாராளமாக முடியும். போட்டோஷாப் இருந்தால் போதும். இல்லாவிட்டால் இலவசமான கிம்ப்பிலும் இதே முறையில் செய்யலாம். பெயர்களும் சில படிகளும் மாறும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பொரி என்பது மேடு. ஜன்னல் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம், மறுபக்கம் ஒரு சின்ன நிழல் இருக்கும். சவர நிழலில் மேடு பள்ளம் எதுவும் இல்லை, அது நிறம். தோலுக்கு அடியில் இருக்கும் கறுப்பு முடி, உள்ளே இறங்கும் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. நீல ஒளி மேலேயே சிதறித் திரும்புகிறது. அதனால்தான் அந்த நீலச் சாயல். இரண்டையும் ஒரே கருவியால் சரிசெய்யப் போனால் இரண்டுமே கெடும்.

பொரியிலிருந்து தொடங்குங்கள். படத்தை நூறு சதவீத அளவில் வைத்து, மேலே ஒரு வெற்று அடுக்கு போட்டு, Healing Brush எடுத்து, Sample என்பதில் Current & Below தேர்ந்தெடுங்கள். தூரிகை பொரியை விடக் கொஞ்சமே பெரிதாக இருக்கட்டும். மாதிரி எடுக்கும் இடம்தான் இங்கே முக்கியம். பக்கத்திலேயே, அதே முடி நுனிகள் உள்ள, அதே வெளிச்சம் விழும் தோலிலிருந்து எடுங்கள். சுத்தமாக இருக்கிறதே என்று கன்னத்திலிருந்து எடுத்தால் தாடையில் அங்கங்கே வழுக்கைத் திட்டு விழும்.

எல்லாப் பொரியையும் இப்படி எடுக்கவும் கூடாது. தனியாக நிற்பதை எடுங்கள். கும்பலாக இருக்கும் இடத்தில் தூரிகைக்கு மாதிரி எடுக்க நல்ல தோலே கிடைக்காது. அங்கே இரண்டு Curves அடுக்குகள் போடுங்கள். ஒன்று கொஞ்சம் வெளிச்சமாக்குவது, மற்றது கொஞ்சம் இருட்டாக்குவது. அடுக்கு எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் மாஸ்க்கை இரண்டிலும் கறுப்பாக்கிவிட்டு, Flow 5 முதல் 10 வரை வைத்த மெல்லிய வெள்ளைத் தூரிகையால் பொரியின் நிழல் பக்கத்தில் வெளிச்ச அடுக்கையும், வெளிச்சப் பக்கத்தில் இருட்டு அடுக்கையும் தொடுங்கள். இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு குறையக் குறைய மேடு படுத்துவிடும். தோல் துளைகளும் முடி நுனிகளும் அப்படியே இருக்கும். பொறுமை வேண்டும், ஆனால் இதைப் போலச் சுத்தமாக வேறெந்த முறையிலும் வராது.

மேடு போன பிறகும் சிவப்பு மிஞ்சும். Hue/Saturation அடுக்கில் Reds தேர்ந்தெடுத்து, Hue-வை ஒரு முறை கோடி வரை இழுத்துப் பாருங்கள். எந்தெந்த இடம் மாட்டுகிறது என்று பளிச்சென்று தெரியும். உதடும் சேர்ந்து மாறினால் அந்த நிற எல்லையைச் சுருக்குங்கள். அப்புறம் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மஞ்சள் பக்கம் சிறிதளவு மட்டும் நகர்த்துங்கள். மாஸ்க் மூலம் தாடைக்கு மட்டும் கொடுங்கள்.

நிழல் கடைசியாக வரட்டும். Info பலகையைத் திறந்து, கன்னத்திலும் தாடையிலும் ஒரே மாதிரி வெளிச்சம் விழும் இரண்டு இடங்களை அளந்து பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கன்னத்தில் சிவப்பு 196, பச்சை 150, நீலம் 128 என்று வருகிறது. தாடையில் 150, 125, 115. கன்னத்தில் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே 68 இருக்கிறது, தாடையில் வெறும் 35. சாம்பலாகத் தெரிவதற்குக் காரணம் இந்தச் சுருங்கிய இடைவெளிதான். வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் வெளிறிய சாம்பல்தான் கிடைக்கும். Curves அடுக்கில் சிவப்புச் சேனலின் நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றி, நீலத்தைக் கொஞ்சம் இறக்கி, மொத்த வெளிச்சத்தை ஒரு துளி மட்டும் கூட்டுங்கள். மாஸ்க்கில் மென்மையான பெரிய தூரிகையால் தாடை, மேலுதடு, கழுத்தின் மேல்பகுதி மூன்றுக்கும் பூசுங்கள். மேலுதட்டை விட்டுவிட்டால் அங்கே மட்டும் மீசை நிழல் துருத்திக்கொண்டு நிற்கும்.

இடைவெளியை 68 வரை கொண்டுபோகாதீர்கள். பாதித் தூரம், இந்த உதாரணத்தில் 50-க்குக் கிட்டே வந்தால் போதும். சவர நிழலுக்கும் தாடைக்கு வடிவம் கொடுப்பதில் பங்கு இருக்கிறது. முழுக்க எடுத்தால் முகம் கீழே அகன்று தட்டையாகும், கழுத்தோடும் ஒட்டாது. முடித்ததும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தாடை ஒரு வெளிர் திட்டாகத் தெரிந்தால் அந்த அடுக்கின் Opacity-யை 70 அல்லது 60-க்கு இறக்குங்கள்.

கேள்வி: இந்த வேலைக்குப் பெரிய டிராயிங் டேப்லெட் அவசியமா?

பதில்: இல்லை. அழுத்தம் உணரும் சின்னது போதும்.

கேள்வி: ஆன்லைனில் ஒருவரிடம் முழுப் பணமும் கட்டி ரீடச் செய்யக் கொடுத்தேன். வாட்ஸாப்பில்தான் படத்தை அனுப்பினேன். தாடையில் கட்டம் கட்டமாகத் திட்டு வந்திருக்கிறது. அவர்மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: எதை வைத்துப் புகார் கொடுப்பீர்கள்? அப்படி அனுப்பும் படம் சுருங்கி, மறுபடி ஜேபெக்காக அழுத்தப்பட்டுப் போகிறது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சேமிக்கும். வழக்கமான 4:2:0 அமைப்பில் நிறத் தகவல் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். சவர நிழலைத் திருத்துவது முழுக்க நிற வேலை. அந்த நிறத்தைப் பாதி வழியில் தொலைத்துவிட்டு, மிச்சத்தை வெளிச்சமாக்கச் சொன்னால் கட்டங்கள் மேலே வரத்தான் செய்யும். கேமராவின் மூலக் கோப்பு, ரா இருந்தால் ரா, அதை டிரைவ் இணைப்பாக அனுப்பித் திரும்பச் செய்து தரக் கேளுங்கள். இந்த முறை அவர் கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். மாதிரி பார்க்காமல், கோப்பு எது வேண்டும் என்றுகூடக் கேட்காமல் முழுப் பணம் கட்டியவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு தாடையைச் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

கேள்வி: படம் எடுக்கும் நாளில் காலையில் ஒட்டச் சவரம் செய்தால் எடிட்டிங் குறையுமா? ஐந்து பிளேடு ரேசர் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பொரி வருகிற தோல் என்றால் வேண்டாம். முடியைத் தோலுக்குக் கீழே வெட்டுவதால்தான் சுருண்ட முடி திரும்ப உள்ளே குத்திப் பொரிகிறது. டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு எடுங்கள். ஏற்கெனவே பொரி சீழ் கட்டி வலித்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டூடியோவில் "தாடை நிழல் திருத்தம்" என்று தனிக் கட்டணம் வாங்கினார்கள். அப்பாவின் தாடை மச்சமும், முகவாய்த் தழும்பும் சேர்ந்து போய்விட்டன. "இப்படித்தான் எல்லோருக்கும் செய்வோம்" என்கிறார்கள்.

பதில்: படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அப்பாவின் முகத்தில் எது இருக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இல்லை. நீங்கள் கேட்டது நிழல் திருத்தம், மச்சம் எடுப்பது அதில் அடங்காது. அடுக்குகள் உள்ள பிஎஸ்டி கோப்பை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தனி அடுக்கில் வேலை செய்திருந்தால், மச்சம் இருக்கும் இடத்தில் அந்த அடுக்கை அழித்தாலே பழைய தோல் வந்துவிடும், சில நிமிட வேலை. மூலப் படத்தின் மேலேயே நேராகப் பூசிச் சேமித்திருந்தால், கேமராக் கோப்பிலிருந்து முதலிலிருந்து செய்து தர வேண்டும், அதுவும் கூடுதல் கட்டணம் இல்லாமல். மச்சமும் தழும்பும் இருக்கும் இடத்தைப் பழைய படத்தில் வட்டமிட்டு, "இவை இரண்டும் இருக்க வேண்டும், நிழல் பாதி குறைந்தால் போதும்" என்று எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் கட்டண ரசீதையும் அந்த எழுத்தையும் வைத்து நுகர்வோர் குறைதீர் அமைப்பில் புகார் பதியுங்கள். மூலக் கோப்பை மட்டும் இன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். பல இடங்களில் சில மாதங்களில் அதை அழித்துவிடுகிறார்கள்.