சிக்கிள் செல் உள்ள பிள்ளையை உட்கார வைக்கலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் பள்ளிக்கு உடற்கல்விக் கொள்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சிக்கிள் செல் என்ற ரத்த நோய் உள்ள பிள்ளைகளை பி.டி. பீரியடில் சேர்ப்பதா, உட்கார வைப்பதா? மதிப்பெண் எப்படிப் போடுவது?

உட்கார வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்த நோயையும் பட்டியலில் வைத்திருக்கிறது. விளையாட்டிலும் சம வாய்ப்பு தரச் சொல்கிறது. ‘இயலாதவர்களுக்கு விலக்கு’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்தப் பிள்ளை பள்ளி முடிக்கும்வரை திண்ணையில்தான்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் நீர் வற்றினாலும், குளிர் பட்டாலும், திடீரென மூச்சுமுட்ட ஓடினாலும் ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களை அடைக்கும். வலி அதனால்தான் வருகிறது. இவர்களுடைய சிறுநீரகம் நீரைச் சரியாகத் தேக்கிவைக்காது. அடிக்கடி தாகம் எடுக்கும், அடிக்கடி கழிவறைக்குப் போகவேண்டியிருக்கும். ஆகவே ‘தண்ணீருக்கும் கழிவறைக்கும் அனுமதி கேட்க வேண்டாம்’ என்ற விதியை எல்லா மாணவருக்கும் எழுதுங்கள். யாருக்கு நோய் என்று வகுப்புக்குத் தெரியவேண்டியதில்லை. மழை மாதங்களில் நனைந்த உடையோடு யாரும் மைதானத்தில் நிற்கக் கூடாது என்பதும் அப்படியே.

கேலோ இந்தியா உடற்தகுதித் தேர்வின் 600 மீட்டர் ஓட்டத்தில்தான் தவறு நடக்கிறது. ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும் பிள்ளை வலியை அடக்கிக்கொண்டு ஓடும். இவர்களுக்கு மருத்துவர் சொன்ன எல்லைக்குள், நேரம் குறிக்காமல், நூறு நூறு மீட்டராக, நடுவில் ஓய்வு கொடுத்து வையுங்கள்.

மதிப்பெண்ணை வேகத்துக்கும் போடாதீர்கள், முன்னேற்றத்துக்கு மட்டும் என்றும் போடாதீர்கள். வலி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தால் முன்னேற்றம் தானாகக் குறையும், நோய்க்குத் தண்டனையாகிவிடும். வந்த பீரியடுகளில் தனக்கென வகுத்த பயிற்சித் திட்டத்தை எத்தனையில் முடித்தது என்று பார்த்துப் போடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ஒரு பருவத்தில் 24 பீரியட் என்று வையுங்கள். 5 பீரியட் ஆஸ்பத்திரியில் போனால் மீதி 19. அதில் 17-இல் தன் திட்டத்தை முடித்திருந்தால் பத்துக்கு 9. இலவச மதிப்பெண் என்று சிலர் சொல்வார்கள். முடிக்காத இரண்டு பீரியடுக்கு மதிப்பெண் போயிருக்கிறதே.

அதற்கு 24 பீரியடும் நடக்கவேண்டும். தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடத்துக்கு முதலில் பறிபோவது பி.டி. பீரியட்தான். ஈடு பீரியட் எந்தக் கிழமை என்றும் கொள்கையில் போட்டுவிடுங்கள்.

கை கால் வலி என்றால் நம் பி.டி. சார்களின் கை ஐஸ் பெட்டிக்குத்தான் போகும். இந்த நோய்க்கு ஐஸ் வைக்கவே கூடாது. குளிரில் குழாய் சுருங்கி அடைப்பு கூடும். நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, போர்வை போர்த்துங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், திடீர்த் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. யார் கூடப் போவது, எந்த வண்டி, வீட்டு எண் எது என்பதை முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள்.