மின் ரசீதைப் போட்டோ எடுத்து மொழிபெயர்த்தால் எண்களை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: வெளிநாட்டில் புதிதாக வாடகைக்கு வந்திருக்கிறேன். கரண்ட் பில்லைப் போட்டோ எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், "வாசிப்பு 5097", "சுங்க வரி", "காரணமாக 03/04", மொத்தம் 6215 என்று வருகிறது. ஒரு மாதத்துக்கு இவ்வளவா? எப்போதுக்குள் கட்ட வேண்டும்?

பதில்: இவ்வளவு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் மொத்தத் தொகை 62,15 என்று இருக்கிறது. அந்தக் கமா ஆயிரத்தைப் பிரிப்பதற்கு அல்ல, தசமப் புள்ளிக்காகப் போட்டது. ஐரோப்பாவின் பெரும்பகுதி, பிரேசில், இந்தோனேசியா, வியட்நாம் என்று பல நாடுகளில் இப்படித்தான் எழுதுவார்கள். செயலி கமாவை விழுங்கிவிட்டதால் 62.15 என்பது நூறு மடங்காகிவிட்டது.

அதனால் சொற்களுக்கு மட்டும் செயலியை நம்புங்கள். எண்களை எப்போதும் மூலப் படத்திலிருந்தே எடுங்கள். சொற்களிலும் கொஞ்சம் ஊகம் வேண்டும். "வாசிப்பு" என்றால் மீட்டர் அளவு. "சுங்க வரி" என்றால் கட்டண விகிதம். "காரணமாக" என்பதைக் கட்ட வேண்டிய கடைசி நாள் என்று வாசியுங்கள். "சமநிலை" என்று எங்காவது வந்தால் அது நிலுவைத் தொகை.

சரியாகப் படித்தோமா என்பதை பில்லே சொல்லிவிடும், கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். உங்கள் பில்லில் முந்தைய அளவு 4815, இப்போதைய அளவு 5097. கழித்தால் 282 யூனிட். பில்லின் நடுவில் அதே 282 அச்சாகியிருக்கிறது, ஆக மூன்று எண்களும் சரி. அடுத்து படிநிலைகள்: முதல் 100 யூனிட்டுக்கு 0.12 வீதம் 12, அடுத்த 100-க்கு 0.18 வீதம் 18, மிச்சம் 82-க்கு 0.25 வீதம் 20.50. கூட்டினால் 50.50. நிலைக்கட்டணம் 6 சேர்த்தால் 56.50, அதற்கு 10 சதவீத வரி 5.65. மொத்தம் 62.15. கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறது.

இப்படி ஒத்துப்போகாவிட்டால் முதலில் படிநிலையைச் சந்தேகப்படுங்கள். சில இடங்களில் எல்லையைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் மேல்படியின் விலையைப் போடுவார்கள். அப்படியென்றால் 282-ஐயும் 0.25-ஆல் பெருக்கி 70.50 என்று ஒரே வரி இருக்கும். பில் இரண்டு மாதத்துக்கு உரியதாக இருந்தால் படி எல்லைகளும் இரட்டிப்பாகலாம், அதனால் எத்தனை நாள் கணக்கு என்ற கட்டத்தையும் பாருங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் பழைய நிலுவை ஏதாவது சேர்ந்திருக்கலாம்.

முன்பு இருந்தவரின் கணக்கு ஏதாவது உங்கள் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்பது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் அந்த 4815 நீங்கள் குடிபுகுந்த நாளின் அளவா என்பது தெரியாது. குடிவந்த அன்று மீட்டரைப் படமெடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். அன்று 4900 இருந்திருந்தால், 85 யூனிட் முன்பு இருந்தவருடையது. மீட்டர் அளவின் பக்கத்தில் ஏதாவது ஒற்றை எழுத்தோ நட்சத்திரமோ இருந்தால் அதன் விளக்கத்தை பில்லின் அடியில் தேடுங்கள். நேரில் வந்து எடுக்காமல் ஊகித்துப் போட்ட அளவுக்கு அப்படிக் குறியிடுவது உண்டு. இந்த இரண்டிலும் ஆட்சேபம் சொல்ல, தேதியோடு எடுத்த மீட்டர் படம்தான் கையில் இருக்க வேண்டிய ஆதாரம்.

தேதிக்கு வருவோம். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? தனியாகப் பார்த்தால் தெரியாது. ஆனால் பில் போட்ட தேதி 15/03 என்று மேலே இருக்கிறது. பதினைந்தாவது மாதம் கிடையாது, ஆகவே இவர்கள் நாளை முதலில் எழுதுகிறார்கள். உங்கள் கடைசி நாள் ஏப்ரல் 3. இன்னொரு பின்தேதியும் இருந்தால், அது இணைப்பைத் துண்டிக்கும் நாளாக இருக்கலாம். அதைக் கெடுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் பில் வரும்போதும் இதே கழித்தல்தான். ஆனால் அலகு பெரும்பாலும் கனமீட்டர், ஒன்றுக்கு 1000 லிட்டர். மேலே சிறிதாக அச்சாகும் 3-ஐ செயலி சாதாரண இலக்கமாக்கி, 14 கனமீட்டரை 143 என்று ஒட்டவைத்துவிடலாம். பெரும்பாலான தண்ணீர் மீட்டர்களில் கறுப்பு இலக்கங்கள் முழுக் கனமீட்டர், சிவப்பு அதன் பின்னம். கறுப்பை மட்டும் பில்லோடு ஒப்பிட்டால் போதும்.

அரபு எண்கள் அச்சான பில்லானால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: வட்டமாக இருப்பது ஐந்து, வெறும் புள்ளி போல இருப்பதுதான் பூஜ்யம். நம் கண் அதைத் தலைகீழாகப் படித்துவிடும்.

அடுத்த முறை பில்லை மேசையில் தட்டையாக வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக நெருக்கத்தில் படமெடுங்கள். முழுப் பக்கத்தையும் ஒரே படமாகக் கொடுத்தால் செயலி ஒரு பத்தியின் சொல்லை இன்னொரு பத்தியின் எண்ணோடு கோத்துவிடும்.